எந்தப் படுக்கை உங்கள் படுக்கை

பல் கட்டும் கூடத்தில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய் அச்சுகளுக்குப் பொருத்தமாகப் பல் செட் செய்து கொடுக்கும் இடம் அது. அங்கே வேலை பார்ப்பவர்களில் அவள்தான் மூத்தவள், அதனால் அக்கா. வேலை பல்லோடு, அதனால் பல்லக்கா. பார்சல் எடுக்க வருகிறவர் மட்டும் வேண்டுமென்றே இழுத்து, "பல்லாக்கு அம்மா, சாமான் ரெடியா?" என்பார்.

"பல்லாக்குல யாராவது தூக்கிட்டுப் போனா அந்த ஆட்டத்துலயாவது கண்ணு அசரும். அதுக்கும் கொடுத்து வைக்கலையே" என்பாள் அவள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அடியோடு தூங்காமல் எந்த மனுஷியும் உயிரோடு இருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு வாய்த்ததெல்லாம் தூக்கத்தின் ஓரம்தான். ஆற்றங்கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டு எழுந்து வருவதுபோல. மற்றவர்கள் தலையோடு முங்கி எழுந்து வந்து, "நேத்து அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டேன்" என்று சோம்பல் முறிக்கும்போது, அந்தச் சோம்பலைப் பார்த்தே அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

கூடத்துக்கு வரும் வேலைகளில் ஒன்று, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கான உறை. இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொண்டால் பல் தேயாது. அந்த உறையைத் தேய்த்து வழவழப்பாக்கும்போதெல்லாம் அவள் பக்கத்து மேசைக்காரியிடம் சொல்வாள்: "கடிக்கிறாங்களோ, உடைக்கிறாங்களோ, தூங்குறாங்கள்ல? நம்ம பல்லு பாரு, ஒண்ணுகூடத் தேயல."

இத்தனைக்கும் அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவாள். அவள் கணவர் கட்டட வேலைகளில் உயரமான கிரேன் ஓட்டுகிறவர். மறுநாள் காலையில், "ராத்திரி 'அந்தப் பச்சைக் கலர் புடவை'ன்னு சொன்னியே, அதுக்கப்புறம் என்ன?" என்று கேட்பார். அந்தப் பச்சைக் கலர் புடவைக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கு ஞாபகமே இருக்காது.

அப்புறம் அவள் அம்மா படுக்கையில் விழுந்தாள். இருந்த ஒரு அறையில் கணவரும் அவளும் சின்ன மகளும். அம்மாவுக்கு வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டார்கள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கும். இருமினால் உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பல்லக்கா அறையில் படுத்தபடியே காதை மட்டும் கூடத்தில் வைத்திருந்தாள். ஒரு செருமல் கேட்டாலும் துள்ளி எழுந்து ஓடுவாள். திரும்பி வந்து படுத்துப் புரளுவாள். ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவர், முகம் கழுவிக்கொண்டே, "இன்னிக்கு மேல உக்காந்திருக்கும்போது ஒரு நிமிஷம் கண்ணு சொருகிடுச்சு" என்றார். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு முடியவில்லை. அத்தனை உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், கீழே நடமாடும் ஆட்களின் தலைக்குமேல் இரும்புத்தூணைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்குக் கண் சொருகியது. தன்னால்தான். அன்றிரவே தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்து சோபாவுக்கு வந்தாள். "அம்மா பக்கத்துலயே படுத்துக்கிறேங்க. கொஞ்ச நாளைக்கு" என்றாள். அவர் சரி என்றார்.

அம்மா போனாள். கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மகள் வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் மட்டும் முடியவில்லை. கூடத்தில் இப்போது இருமுவதற்கு யாருமில்லை. ஆனால் அவள் காது மட்டும் காவல் வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் நாய் செருமினால்கூட எழுந்து உட்கார்ந்தாள்.

வாரம் ஒருமுறை அறைக்குள் போய்க் கட்டிலின் விரிப்பை மாற்றுவது அவள்தான். அந்த விரிப்புகள் எல்லாமே ஒரு பக்கம்தான் நைந்துபோகும். அவர் சுவரோரமாக, தன் பாதியில் மட்டுமே படுப்பார். அவள் படுத்த பக்கம் கடையில் வாங்கிய மடிப்பு மாறாமல் இருக்கும். இனியாவது ஒரே சீராகத் தேயட்டும் என்று, நைந்த விரிப்பை எப்போதாவது தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுவாள். போட்டுவிட்டுத் தன் பக்கத்தைக் கையால் ஒருமுறை நீவிவிடுவாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவாள்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தாள். பால் குடித்தாள், கால் கழுவினாள், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். மாத்திரையும் கொஞ்ச காலம் சாப்பிட்டாள். காலையில் தலை களிமண்ணாக இருந்ததால் மருத்துவரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினாள். விட்ட தூக்கத்தைப் பிடித்துவிடலாம் என்று ராத்திரி சீக்கிரமே சோபாவில் சாய்வாள். டிவி ஓடும். கணக்குப் பார்ப்பது அங்கேதான், துணி மடிப்பது அங்கேதான், மகளோடு போனில் பேசுவது, வெங்காயம் உரிப்பது, விடியும்வரை கூரையைப் பார்த்திருப்பது, எல்லாம் அந்த சோபாவில்தான்.

ஒருநாள் காலை வேலையில், பல் அடுக்கும் மெழுகை உருக்கும் சுடரில் விரலைச் சுட்டுக்கொண்டாள். எத்தனையோ வருஷமாகத் தொட்டுப் பழகிய சுடர். பக்கத்து மேசைக்காரிதான் அவளை இழுத்துக்கொண்டு தெருமுனைச் சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

அங்கே கட்டுப் போட்ட நர்ஸுக்கு ஏறக்குறைய அவள் வயதுதான் இருக்கும். குட்டையான, உரக்கப் பேசுகிற பெண். மருந்து தடவிக்கொண்டே, "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டாள்.

"நேத்து எதுக்கு சிஸ்டர்? எம்பொண்ணு பள்ளிக்கூடம் போன காலத்துலருந்து கேளுங்க."

நர்ஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தாள். நல்ல தூக்கத்துக்கு வழிகள். பல்லக்கா அதைப் படித்தாள். பகலில் உறங்காதீர்கள். மாலைக்குமேல் டீ, காப்பி அருந்தாதீர்கள். படுக்கையில் போனைப் பார்க்காதீர்கள். வீண் கவலைகளைத் தவிர்க்கவும். பின்பக்கம் திருப்பினால், அங்கேயும் நாலைந்து 'தீர்கள்'. அவள் அதைப் பழையபடி மடித்து மேசையிலேயே வைத்தாள்.

"வேண்டாமா?"

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். இது மாதிரி நிறையப் படிச்சாச்சு. இதைப் படிச்சா தூக்கம் வரல, தூங்காம இருக்கிறதுக்கு மன்னிப்புக் கேக்கணும்போலத்தான் வருது. வீண் கவலைன்னு போட்டிருக்கு. எது வீண் கவலை, எது வேலைக்காகுற கவலைன்னு யாராவது பிரிச்சுக் கொடுத்தா நான் ஏன் சிஸ்டர் முழிச்சிருக்கேன்?"

நர்ஸுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, ஒரு உண்மையைச் சொல்றேன். இதை நான்தான் எழுதினேன். எனக்கோ தலையணையில தலை படறதுக்குள்ள தூக்கம் வந்துடும். பசியே தெரியாதவ சமையல் குறிப்பு எழுதின மாதிரி ஆயிடுச்சு. வாங்கிட்டுப் போறவங்க மாடிப்படியிலேயே போட்டுட்டுப் போறாங்க, நானே பொறுக்கியிருக்கேன். இப்போ மறுபடி எழுதச் சொல்லியிருக்காங்க. புதன்கிழமை சாயங்காலம் மாடியில தூக்கம் வராதவங்க சிலபேர் கூடுறோம். வர்றீங்களா? உங்களுக்கும் பாத்த மாதிரி இருக்கும், எனக்கும் எழுதின மாதிரி இருக்கும்."

அவள் போனாள். விரலுக்குக் கட்டு மாற்றுகிற சாக்கில் போனாள் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் அங்கிருந்த டாக்டர் அவளைத் தனியாகப் பார்த்தார். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு முட்டுமா, படுத்தால் கால் குறுகுறுவென்று அசைக்கச் சொல்லுமா, வலிப்பு வந்ததுண்டா, மனசு எதிலும் ஒட்டாமல் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். ரத்தமும் எடுத்தார்கள். வேறு நோய் ஒன்றும் இல்லை. "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள். "இருக்கே. ரொம்ப நாளா தூக்கம் வராம இருக்கிறதே ஒரு நோய்தான். உங்க மனபலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார் டாக்டர். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தச் சொல்லை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷமும் அவள் அதைத் தன் கெட்ட பழக்கம் என்றே நினைத்திருந்தாள்.

மாடி அறையில் ஒரு நீள மேசை, ஒரு வெள்ளைப் பலகை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கைக்குழந்தைக்காரியாக இருந்தபோது விட்ட தூக்கம் குழந்தை வளர்ந்தும் வராத ஒரு பெண், இன்னும் இரண்டு மூன்று பேர். நர்ஸ் பழைய தாளை வரிவரியாகப் படிப்பாள். இவர்கள் ஆளாளுக்குக் குறுக்கே பேசுவார்கள். காரணம் சொல்லாமல் எதையும் சொல்லக்கூடாது என்றார் தபால்காரர். முகவரி இல்லாத கடிதம் மாதிரி, யாருக்கோ வந்தது என்று தள்ளிவிடத் தோன்றுகிறதாம். அப்படித்தான் 'டீ அருந்தாதீர்கள்' என்பது மாறியது: டீ, காப்பியின் வேகம் பல மணிநேரம் உடம்பில் நிற்கும், மதியத்தோடு நிறுத்திப் பார்த்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று கவனியுங்கள். 'பகலில் உறங்காதீர்கள்' என்பதும் தணிந்தது: பகல் தூக்கம் ராத்திரிப் பசியைக் கெடுக்கும் நொறுக்குத்தீனிபோல, முடியவே இல்லை என்றால் மத்தியானத்திலேயே, குட்டியாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

வீண் கவலைக்குத்தான் நேரமானது. தவிர்க்கச் சொன்னால் தவிர்க்க முடியாது என்பதை நர்ஸும் ஒப்புக்கொண்டாள். படுக்கப்போவதற்கு வெகுநேரம் முன்னால், சாயங்காலமே கவலைக்கென்று ஒரு கால்மணி ஒதுக்கி உட்கார்ந்து, மனசில் இருப்பதையும் நாளைக்குச் செய்யக்கூடிய முதல் காரியத்தையும் எழுதிவிட்டு எழுந்துவிடுவது என்ற முறையை அவள் விளக்கினாள். பல்லக்கா யோசித்துவிட்டு, "கவலையை வராதேன்னு சொல்லாம, சாயங்காலமா வான்னு சொல்றீங்க. வீட்டுக்கு வர்ற விருந்தாளிகிட்ட பேசுற மாதிரி. அப்படியே எழுதுங்க சிஸ்டர்" என்றாள். நர்ஸ் அப்படியே எழுதினாள்.

அதற்கடுத்த புதன்கிழமை வந்த வரிதான் பல்லக்காவை நிறுத்தியது.

நர்ஸ் பலகையில் எழுதினாள்: 'படுக்கையைத் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.' தபால்காரர் தொண்டையைக் கனைத்தார். நர்ஸ் கண்டுகொள்ளாமல் விளக்கினாள். ரொம்ப நாள் படுக்கையில் விழித்தே கிடந்தால், படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடும்; அந்தப் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். தூக்கம் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போவது. கால்மணி, இருபது நிமிஷம் ஆனமாதிரி தோன்றியும் வரவில்லையென்றால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து வேறு இடத்துக்குப் போய் மங்கின வெளிச்சத்தில் அமைதியாக ஏதாவது செய்வது. மறுபடி கண் சொக்கும்போது திரும்புவது.

"பல்லக்கா, உங்க படுக்கை எந்த மாதிரி? அங்க வேற என்னெல்லாம் செய்வீங்க?" என்றாள் நர்ஸ் சாதாரணமாக.

"வெங்காயம் உரிப்பேன்" என்றாள் பல்லக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் இறங்கிப்போன பிறகு நர்ஸ் பலகையைத் துடைத்துக்கொண்டே, "எங்கக்கா படுக்குறீங்க நீங்க?" என்று கேட்டாள். பல்லக்கா சோபாவைப் பற்றிச் சொன்னாள். அம்மாவைப் பற்றி, கிரேனைப் பற்றி, கண் சொருகிய சாயங்காலத்தைப் பற்றி. நர்ஸ் துடைப்பானைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுந்து வேற இடத்துக்குப் போங்கன்னு நான் சொல்றேன். நீங்க இருக்கிறதே அந்த வேற இடத்துலதான். போறதுக்கு ஒரு படுக்கை வேணுமேக்கா. வீட்டுல எந்தப் படுக்கை உங்க படுக்கை?"

"இருக்கு. விரிப்பு மட்டும் மாத்துவேன்" என்றாள் பல்லக்கா.

தனிக் கட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றும் நர்ஸ் சொன்னாள். தனியாகப் படுப்பது சிலருக்கு ஒத்துப்போகும், அதில் தப்பே இல்லை. எது வேண்டும் என்று அவளே முடிவு செய்யட்டும். ஆனால் வீட்டுக்காரரிடம் பேசாமல் முடிவு செய்ய வேண்டாம்.

பேசுவது என்ன லேசா? சாப்பாடு போடும்போது பேசலாம் என்று நினைத்தாள். போட்டு முடித்ததும் வாய் வரவில்லை. இத்தனை வருஷமும் அவர்கள் சண்டை போட்டதே இல்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். சண்டை போடுகிற நெருக்கத்துக்கே வந்து நாளாயிற்று என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர் நல்லவர். காலையில் அவள் சோபாவில் கண்ணை மூடிக் கிடப்பதைப் பார்த்து, தூங்குகிறாள் என்று நம்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோலக் கதவைத் திறந்து வேலைக்குப் போவார். அவள் கண்ணை மூடியபடியே அந்தக் காலடியை வாசல்வரை வழியனுப்புவாள். ஒருநாளாவது, "தூங்கலைங்க, வாங்க, டீ போடுறேன்" என்று எழுந்திருக்கலாம். அவர் அத்தனை கவனமாக நடக்கும்போது, விழித்துத்தான் இருந்தேன் என்று சொல்ல அவளுக்கு மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனாள். அவரும் கூடவே வந்தார். கட்டில் விரிப்பு பெரியது. இரண்டு பேர் பிடித்தால்தான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து இழுத்து உதறினார்கள். வெயிலுக்கு எதிராகப் பிடித்தபோது, துணியில் ஒரு பாதி வழியாக அவர் சட்டையின் கட்டம்கூடத் தெரிந்தது. இன்னொரு பாதி கெட்டியாக இருந்தது.

"ஒரு பக்கம் வலை மாதிரி ஆயிடுச்சே" என்றார் அவர்.

"நீங்க ஏங்க ஒரு பக்கமாவே படுக்குறீங்க? அவ்வளவு பெரிய கட்டில். நடுவுல படுக்க வேண்டியதுதானே?"

முனையோடு முனை சேர்க்க அவர் நடந்து வந்தார். கிட்டே வந்து நின்றவர் துணியை அவள் கையில் கொடுக்கவில்லை.

"அது உன் பக்கம்ல" என்றார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீதான் வரவே இல்ல" என்றார் அவர் மறுபடி, யாரையும் குறை சொல்லாத குரலில். "அம்மா போன பிறகு வருவேன்னு பாத்தேன். துக்கம் ஆறட்டும்னு இருந்தேன். அப்புறம், உனக்குத் தனியா இருக்கிறதுதான் பிடிச்சிருக்குபோலன்னு விட்டுட்டேன். கேட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு..."

"நீங்கதானே சொன்னீங்க? மேல உக்காந்திருக்கும்போது கண்ணு சொருகிடுச்சுன்னு."

"நானா? எப்போ?"

அவள் சொன்னாள். எந்தத் துண்டால் துடைத்துக்கொண்டார் என்பதுவரை சொன்னாள். அவருக்கு ஞாபகமே இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார். "வெயிலாத்தான் இருக்கும்" என்றார் கடைசியில். "அப்போ கூண்டுல மின்விசிறி கிடையாது. கொதிக்கும். எல்லாருக்குமே சொருகும். அதுக்காகவா? அதுக்காகவா நீ அந்த சோபாவுல..." கையிலிருந்த விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் அது மடிபடாமல் தொங்கியது.

"வந்தா தூக்கம் வந்துடும்னு சொல்ல முடியாதுங்க" என்றாள் அவள். "எழுந்து எழுந்து போவேன். போகச் சொல்லித்தான் சிஸ்டர் சொல்லியிருக்காங்க. உங்களுக்குத் தொந்தரவாத்தான் இருக்கும்."

"போயிட்டு வருவல்ல?"

"வருவேன்."

"அப்போ சரி" என்றார்.

நர்ஸிடம் சொன்னபோது அவள் உடனே வாழ்த்துச் சொல்லிவிடவில்லை. வேலை பார்க்கிறவள், வேலையைப் பார்த்தாள். எப்போது படுத்தோம், எவ்வளவு தூங்கினோம் என்று பல்லக்கா இரண்டு வாரமாக உத்தேசமாகக் குறித்து வைத்திருந்ததை எடுத்துக் கூட்டிக் கழித்தாள். ராத்திரிக்குச் சராசரியாக ஐந்து மணிநேரத் தூக்கம். அதற்காக ஒன்பது மணிநேரம் சோபாவில் கிடக்கிறாள். "கொஞ்சம் மாவைப் பெரிய தோசைக்கல்லு முழுக்கத் தேய்ச்சா கிழியும்ல? அதுதான் நடக்குது" என்றாள். படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்க வேண்டும். எழும் நேரம் எது என்பதை முதலில் ஆணி அடித்து வைக்க வேண்டும். ராத்திரி எப்படிப் போனாலும், லீவு நாளானாலும் அதே நேரம். எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்க வேண்டும்.

"அவர் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்" என்றாள் பல்லக்கா.

"அப்போ நீங்களும் அஞ்சு. ராத்திரி பதினொன்றரைக்கு முன்னாடி படுக்கக் கூடாது. அந்த அஞ்சரை மணிநேரத்துக்குக் கீழ குறைக்க நான் விடமாட்டேன். முதல்ல கொஞ்ச வாரம் பகல்ல இப்போ இருக்கிறதைவிடத் தூக்கமா வரும். அதை முன்கூட்டியே சொல்லிடுறேன். சுடர், அரைக்கிற சக்கரம், இதையெல்லாம் வேற யாருக்காவது மாத்தி விடச் சொல்லுங்க. வண்டி ஓட்டாதீங்க. படுக்கிற நேரம் முழுக்கத் தூக்கம் நிரம்ப ஆரம்பிச்சா வாரத்துக்குக் கால்மணி கூட்டலாம். இது எல்லாருக்கும் ஆகாது. உங்க வீட்டுக்காரருக்கே நான் இதைச் சொல்லமாட்டேன். கிரேன் ஓட்டுறவர். வலிப்பு இருக்கிறவங்களுக்கும் ஆகாது. அதான் இதைத் தாள்ல போடல, ஆளைப் பாத்துத்தான் சொல்றது."

முதல் நாள் ராத்திரி, அவள் கதவைத் திறந்து உள்ளே போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பாதியில். அவள் கெட்டியான பக்கத்தில் ஓரமாகப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. சட்டப்படி எழுந்தாள், கூடத்து நாற்காலிக்கு வந்தாள், பழைய பத்திரிகையைப் புரட்டினாள். போனாள், வந்தாள். விடிந்தபோது தலை பாரமாக இருந்தது. ஆனால் ஐந்து மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுந்தவுடன் அவர் தலைமுடி ஒருபக்கம் கொத்தாக நிற்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். இப்போது அது வெள்ளைக் கொத்து. எப்போது நரைத்தது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ போடவா?" என்றாள்.

"நீ எழுந்திருக்கணும்னு இல்லயே. இன்னும் கொஞ்சம் படேன்."

"படுக்கக் கூடாது. சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

வாசலில் நின்று, வெளுக்கிற வானத்தைப் பார்த்தபடி இருவரும் டீ குடித்தார்கள். அவர் அன்று செருப்பைக் கையில் எடுக்கவில்லை; சத்தத்தோடு போட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரங்கள் கடுமையானவை. மெழுகில் பல் அடுக்கும்போது அடுக்கின பல் இரண்டாகத் தெரிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே சாமியாடினாள். "பழைய தூக்கமின்மையே தேவலை சிஸ்டர்" என்று ஒரு புதன்கிழமை அழுதேவிட்டாள். நர்ஸ் சமாதானம் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தாள், அழுது முடிக்க விட்டாள். ஆனால் ராத்திரியில் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் பொழுது சாய்ந்தாலே பயமாக இருக்கும்: மறுபடி அந்த சோபா, மறுபடி அந்தக் கூரை. இப்போது பதினொன்றரை வரை விழித்திருப்பதே பாடாக இருந்தது. சமையலறையில் நின்றபடி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, அந்த அறையை, அந்தக் கட்டிலை, அந்தக் கெட்டி விரிப்பை நினைத்து ஏங்கினாள். உள்ளே அவர் மூச்சு சீராக வந்துபோகும் சத்தம் கேட்கும். இத்தனை வருஷம் இருமலுக்காகத் தீட்டிய காது, அந்த மூச்சின் பக்கம் திரும்பியது. ஒருநாள் பேசிக்கொண்டே படுத்தவள் பாதி வாக்கியத்தில் போய்விட்டாள் என்று காலையில் அவர் சொன்னார். என்ன பேசினேன் என்று கேட்டாள். "சொல்லமாட்டேன்" என்றார் அவர்.

ஐந்து மணிநேரம் ஐந்தரை ஆயிற்று, ஆறாயிற்று. கெட்ட ராத்திரிகளும் வந்தன. மகளுக்குக் காய்ச்சல் என்ற செய்தி வந்த வாரம் முழுக்க நாற்காலியில்தான் குடியிருந்தாள். ஆனாலும் காலை ஐந்து மணி மட்டும் அசையவில்லை.

புதிய தாள் அச்சாகி வந்தது. முதல் வரிக்கு எல்லோரும் சேர்ந்து பாடுபட்டிருந்தார்கள்: 'இதைக் கையில் எடுப்பதற்கு முன்பே நீங்கள் எத்தனையோ செய்து பார்த்திருப்பீர்கள். தூக்கம் வராதது உங்கள் தவறு அல்ல. இதில் உள்ளவற்றை ஒன்றிரண்டாகச் செய்து பாருங்கள். ரொம்ப நாளாகத் தூங்காதவர்களுக்கு இந்தத் தாள் மட்டும் போதாமல் போகலாம், எங்களிடம் வாருங்கள்.' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம் என்று ஒரு வரி. நடுவில், கட்டம் கட்டி: 'துணையோடு படுப்பவர் என்றால், ராத்திரியில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். எழுந்து போவது விலகிப்போவது அல்ல.' கடைசி வாக்கியம் பல்லக்கா சொன்னது. அவள் அந்தத் தாளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் கண்ணில் படும்படி வைத்தாள். அவர் நின்றபடியே படித்துவிட்டு, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்ததும் அவருக்கு வெளியூரில் வேலை வந்தது. பெரிய பாலம், முடிய ஆறேழு மாதம் ஆகும். போகாமல் இருக்க முடியாது. தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகையில் இரும்புக் கட்டில் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டில் தனியாகப் படுத்தாள். தூக்கம் வரத்தான் செய்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். தன் பாதியிலேயே படுத்தாள். விரிப்பை இப்போது திருப்பிப் போடுவதில்லை.

போன கொஞ்ச நாளில், விடிகாலை ஐந்து மணிக்கு அவர் கூப்பிட்டார். அவள் அடுப்படியில் நின்றிருந்தாள்.

"எழுந்துட்டியா?"

"எழுந்துட்டேன். குரல் ஏன் இப்படி இருக்கு?"

"தூக்கமே வரமாட்டேங்குது. நாலஞ்சு நாளா. நீ கொடுத்த தாளை எடுத்துப் படிச்சேன். எழுந்து வெளிய உக்காந்தேன், காப்பியை நிறுத்தினேன், எல்லாம் செஞ்சாச்சு."

அவள் அடுப்பை அணைத்தாள். "மேல ஏறுறதுக்கு முன்னாடி மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. இன்னிக்கு ஏறாதீங்க. தூங்காம ஏறாதீங்க, நான் சொல்றேன். அங்க இருக்கிற டாக்டரைப் பாருங்க."

"சொல்லிட்டேன். இன்னிக்குக் கீழதான் வேலை." தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "இந்தத் தாள்ல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

"என்ன?"

"பக்கத்துல ஆள் இல்லன்னா என்ன பண்றதுன்னு போடல."

புதன்கிழமைகளில் அதை யாரும் கேட்கவில்லை. சோபாவில் கிடந்த காலத்தில் அவளுக்கும் அதற்கு மருந்து தெரிந்திருக்கவில்லை.

"டீ இருக்கா அங்க?" என்று கேட்டாள்.

"இருக்கு. கையிலதான் வச்சிருக்கேன்."

"அப்போ வெளிய வாங்க. வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள். தன் தம்ளரை எடுத்துக்கொண்டு, போனைக் காதில் அணைத்தபடி வாசலுக்கு வந்தாள். அங்கே வெளுத்துவிட்டதா என்று அவர் கேட்டார். இன்னும் இல்லை, கிழக்கே கொஞ்சம்தான் என்றாள். அவர் பக்கமும் அவ்வளவுதான் என்றார். டீயை ஊதிக் குடிக்கும் சத்தம் அந்தப் பக்கமிருந்து வந்தது, அவளும் குடித்தாள்.